மலத்தில் ரத்தக் கீற்றும் அம்மாவின் பூண்டுப் பாலும்

எல்லாரும் டீ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் பால் ஊற்றாத டீ. அதற்கான காரணத்தைத்தான் பேசப்போகிறோம்.

ஒன்றரை மாதக் குழந்தை ஒன்று. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. நன்றாகக் குடிக்கிறது, சிரிக்கத் தொடங்கியிருக்கிறது, வாரத்துக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் எடை ஏறுகிறது. ஒருநாள் துணியை மாற்றும்போது மஞ்சள் மலத்தில் வழுவழுப்பான சளியும், சிவப்பு நூல் இழை போல இரண்டு கீற்று ரத்தமும். பார்த்தவர்களுக்குக் கை நடுங்கும், அது இயல்பு. ஆனால் இப்படி நன்றாக இருக்கும் குழந்தைக்கு, பிறந்து இரண்டு வாரத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில் இந்தக் கீற்று தோன்றினால், அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று பால் புரத ஒவ்வாமை.

அம்மா குடிக்கும் பசும்பாலின் புரதத்தில் மிகச் சிறு பங்கு, குடலில் முழுதும் செரிக்காமல் ரத்தத்தில் கலந்து தாய்ப்பாலுக்கு வந்து சேர்கிறது. எல்லாத் தாய்மாருக்கும் நடப்பதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சில குழந்தைகளின் பெருங்குடலின் கடைப்பகுதி மட்டும் அந்தப் புரதத்தை எதிரியாக எடுத்துக்கொண்டு சிவந்து வீங்குகிறது. அங்கிருந்து கசிவதுதான் அந்தக் கீற்று. ஆகவே குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதது மாட்டின் பால்தான், தாய்ப்பால் அல்ல. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பாப் பால் கொடுக்கச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சாதாரண டப்பாப் பால் பசும்பாலில் செய்தது. அப்படி மாற்றினால் அதே புரதம் பல மடங்காக உள்ளே போகும்.

வீட்டில் முடிவெடுக்கும் முன் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியே ஆகவேண்டும். அவர் ஆசனவாயில் வெடிப்பு உண்டா, காய்ச்சல் உண்டா, வயிறு மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பார். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேட்பார். எடை அட்டையைப் பார்ப்பார். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, காலை வயிற்றோடு மடக்கி, விட்டு விட்டு வீரிட்டாலோ, துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ, வெளுத்துப்போனாலோ, ரத்தம் கீற்றாக இல்லாமல் நிறையப் போனாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். நேரம் பார்க்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஒவ்வாமைக்கென்று ரத்தப் பரிசோதனை எழுதித் தரக் கேட்பவர்கள் உண்டு. இந்த வகை ஒவ்வாமை ரத்தத்திலோ தோல் பரிசோதனையிலோ தெரியாது. அம்மா பசும்பால் குடிப்பதை நிறுத்தி, குழந்தையின் மலத்தைக் கவனிப்பதே இதற்கான சோதனை.

நம் குழந்தையின் அம்மாவிடம் அன்றாடச் சாப்பாட்டைக் கேட்டால், காலையும் இரவும் பால் ஊறட்டும் என்று பூண்டுப் பால், மதியம் தயிர் சாதம், சாயங்காலம் பாலில் கலக்கிய சத்துமாவுப் பானம். இவை எல்லாம் நின்றன. ஆட்டுப்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் மாறலாமா என்று பாட்டி கேட்டார். கூடாது, அவற்றின் புரதமும் ஏறக்குறைய இதேதான். நாட்டு மாட்டுப் பால் என்றாலும், காய்ச்சினாலும், தயிராகத் தோய்த்து மோராகக் கடைந்தாலும் அப்படியே. நெய்யிலும் சிறிது புரதம் தங்கும் என்பதால், சோதித்துப் பார்க்கும் காலத்தில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். பிரசவ லேகியத்தில் நெய் உண்டு, அதுவும் நிற்கும். பூண்டை மட்டும் விட வேண்டியதில்லை; பூண்டுக் குழம்பாகச் சாப்பிடலாம்.

மூன்றாம் நாளும் கீற்று தெரிந்தது. உடனே சுற்றியிருந்தவர்கள் பருப்பு, முட்டை, மீன், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் பல தாய்மார்கள் வெறும் ரசம் சாதத்துக்கு வந்து மெலிந்துபோகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு. அம்மாவின் பாலிலிருந்து புரதம் சில நாளில் போய்விடும். ஆனால் குழந்தையின் குடல் ஆற நேரம் வேண்டும். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் ரத்தம் குறையத் தொடங்கும், முழுதும் நிற்க இரண்டு வாரம் வரை ஆகலாம், சளி அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கலாம். அதுவரை வேறு எதையும் நிறுத்தக் கூடாது.

இந்தக் குழந்தைக்கு ஆறாம் நாள் கீற்று மறைந்து, பத்தாம் நாள் திரும்ப வந்தது. தேடிப் பார்த்ததில் டீயோடு தொட்டுக்கொண்ட பிஸ்கட்டின் உறையில் ‘பால் திடப்பொருள்’ என்று அச்சிட்டிருந்தது. பிஸ்கட், ரொட்டி, கேக், கடையில் வாங்கும் இனிப்பு, பாலூட்டும் தாய்க்கென்று விற்கும் புரத மாவு ஆகியவற்றில் பால் பவுடரோ, ‘வே’ அல்லது ‘கேசின்’ என்ற பெயரில் பால் புரதமோ இருக்கலாம். பிஸ்கட் நின்றது, கீற்றும் நின்றது. முழுமையாக விட்டும் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றமே இல்லையென்றால்தான் அடுத்ததாக சோயாவையும், பிறகு முட்டையையும் மருத்துவர் சொன்னபடி நிறுத்திப் பார்ப்போம்.

பால் போன இடத்தில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பதை ஏறக்குறைய 80 கிராம் கேழ்வரகு மாவு கொடுத்துவிடும். பாதி களியாகச் சாப்பிட்டு, பாதி கூழாகக் குடிக்கலாம், கூழில் மோர் விடாமல். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் உதவும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை கால்சியம் மாத்திரை தருகிறார்கள், ஒரு மாத்திரை 500 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு. அதை விட்டுவிடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல், வேறு நேரத்தில் போட வேண்டும்.

இனி, பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போகும் வேலை. ரத்தம் நின்று, பால் நிறுத்தி நான்கு வாரம் ஆனபின், அம்மா வேண்டுமென்றே பாலைத் திரும்பக் குடித்துப் பார்க்க வேண்டும். காரணம், சில குழந்தைகளுக்கு இந்தக் கீற்று எதையும் செய்யாமலே தானாக நின்றுவிடும். அப்படி நின்றதைப் பாலை நிறுத்தியதால் என்று எண்ணிக்கொண்டால், தேவையே இல்லாமல் அம்மா ஒரு வருடம் பத்தியம் இருப்பார். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தினமும் ஒரு தம்ளர் பாலும் கொஞ்சம் தயிருமாக ஒரு வாரம். நம் அம்மா அப்படிச் செய்தார். மூன்றாம் நாள் கீற்று திரும்பியது. பிறகுதான் இது பால் ஒவ்வாமை என்று உறுதியாயிற்று. திரும்பாமலே இருந்திருந்தால் அன்றே தயிர் சாதத்துக்குத் திரும்பியிருப்பார். குழந்தைக்கு எப்போதாவது பால் பட்டவுடன் உடம்பில் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சுத்திணறலோ, தொடர் வாந்தியோ வந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது.

பாட்டி கடைசியாகக் கேட்டது, இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் பால் குடிக்காதா என்று. குடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வயதுக்குள் இது தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது பால் சேர்க்காத கேழ்வரகுக் கஞ்சியும் பருப்புச் சாதமும் போதும். ஒன்பதாம் மாதத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் இடையில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் அம்மா பால் குடித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் மலம் தெளிவாக இருந்தால், பிறகு குழந்தைக்கு ஒரு சிறு கரண்டித் தயிர்.