ஒரு மைக்ரான் எழுப்பிய சந்தேகம்

கோவையில் ஒரு சிறிய எந்திரப் பட்டறை. இரவு ஷிப்டுக்கு வந்த ஆப்பரேட்டரின் மேசையில் ஒரு அவசர ஜாப் காத்திருந்தது. நூற்பாலை ஒன்றில் அமெரிக்காவில் செய்த பழைய கம்ப்ரெஸர் நின்றுபோய்விட்டது. அதன் பேரிங் ஹவுசிங்கைப் புதிதாகக் கடைந்து காலை ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும். தேய்ந்த பழைய ஹவுசிங் பக்கத்திலேயே கிடந்தது. அலுவலகத்தில் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்த அளவுத் தாளும், அதை வைத்துப் போட்ட சிஎன்சி புரோகிராமும் தயார். பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

அவர் அமுக்கவில்லை. தாளில் பேரிங் உட்காரும் துளைக்கு 63.5 என்று அளவும், அதற்கு மேல் +0.001 மட்டுமே கூடலாம் என்று டாலரன்ஸும் எழுதியிருந்தது. மில்லிமீட்டரில் 0.001 என்றால் ஒரு மைக்ரான். இரும்பில் கடைந்த இந்த அளவுத் துளை, வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே சுமார் 0.7 மைக்ரான் விரியும். வெட்டும் சூட்டில் இருக்கும் துண்டை லேத்தில் ஒரு மைக்ரானுக்குள் நிறுத்துவது நடக்காத காரியம். இந்த அளவு பேரிங் துளைக்கு வழக்கமாகத் தரப்படும் இடம் ஏறக்குறைய 30 மைக்ரான்.

அப்படியானால் அந்த 0.001 எங்கிருந்து வந்தது? ஒரு இஞ்ச் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு 25.4 மைக்ரான். பேரிங் துளைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற எண். 63.5-ஐ 25.4-ஆல் வகுத்தால் சரியாக 2.5 இஞ்ச். பெரிய அளவை மில்லிமீட்டராக மாற்றியவர், டாலரன்ஸை மட்டும் இஞ்சிலேயே விட்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

ஒன்று தப்பியிருந்தால் இன்னொன்றும் தப்பியிருக்கும். தாளை மேலிருந்து கீழே மறுபடி படித்தார். துளைக்குள் சர்க்ளிப் உட்காரும் காடி, முகப்பிலிருந்து 0.500 தூரத்தில் என்று இருந்தது. அரை மில்லிமீட்டர் தள்ளிக் காடி வெட்டினால், அதற்கு முன்னால் மிஞ்சும் உதடு காகித அட்டை கனம்கூட இராது. பேரிங் தள்ளும் விசையை அது எப்படித் தாங்கும்? பழைய ஹவுசிங்கை எடுத்து வெர்னியரில் அளந்தார். 12.7. சரியாக அரை இஞ்ச்.

இந்த வகைப் பிழையில் ஆபத்தே சின்ன எண்களில்தான். நூறு மில்லிமீட்டர் விட்டத்தை நான்கு என்று எழுதியிருந்தால் யாருக்கும் கண்ணில் பட்டுவிடும். மாறாக, மில்லிமீட்டர் அளவுகளை இயந்திரம் இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால், எல்லை தாண்டுகிறது என்று பெரும்பாலும் அலாரம் அடித்து நின்றுவிடும். ஆனால் 0.5 என்பது மில்லிமீட்டரிலும் நம்பத் தகுந்த எண். புரோகிராமின் தலையில் `G21` என்று இருந்தால், கீழே வரும் எல்லா எண்ணையும் மில்லிமீட்டராகவே இயந்திரம் எடுத்துக்கொள்ளும். தப்பான இடத்தில் வெட்டிய காடியை எந்த இயந்திரத்தாலும் திரும்ப நிரப்ப முடியாது.

இரவு ஒன்றரை மணிக்கு சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "அண்ணா, டாலரன்ஸும் காடி தூரமும் இஞ்சுலயே நிக்குதுங்க. ஒரிஜினல் ட்ராயிங் அனுப்புங்க, பார்த்துட்டு வெட்டறேன்."

பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. வெளிவிட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு ரஃபிங் முடித்தார். துளையை 62 வரை மட்டும் திறந்தார். சந்தேகம் எப்படித் தீர்ந்தாலும் வீணாகாத வேலை இது. பிறகு போனில் ஒரிஜினல் வந்தது. வேறு குறிப்பு இல்லாத அளவெல்லாம் இஞ்ச் என்று அதன் மூலையில் அச்சிட்டிருந்தது. எண்களும் .001, .500 என்று முன்னால் சுழியம் இல்லாமல் நேராகப் புள்ளியில் தொடங்கின. அமெரிக்க வரைபடங்களில் இஞ்ச் அளவு எழுதும் முறை அது. மில்லிமீட்டராக இருந்தால் சுழியம் போட்டிருப்பார்கள். தாளுக்குப் படியெடுத்தவர் சேர்த்த அந்தச் சுழியத்தோடு அடையாளமும் அழிந்துபோயிருந்தது.

சந்தேகம் வந்தும் வேலை நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1999-இல் நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் சாட்சி. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். பாதை சரியில்லை என்று வழிகாட்டும் குழுவினருக்கு முன்பே சந்தேகம் எழுந்திருந்தது. அது முறையாகப் பின்தொடரப்படவில்லை. செவ்வாய்க்கு மிக அருகில் போய் விண்கலம் தொலைந்தது.

பட்டறைகளுக்கு ஜாப் அனுப்புகிறவர்கள் ஒன்று செய்யலாம். மாற்றி எழுதிய தாளோடு ஒரிஜினல் வரைபடத்தையும் சேர்த்தே கொடுங்கள். இரவில் தனியாக இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.