கடை திறந்திருக்கிறதா? வரைபடம் சொல்லும்!

மும்பை தாராவியில் ஒரு தமிழர் இட்லிக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் 11 மணி வரை வியாபாரம். மறுபடி மாலை 5 முதல் இரவு 10 மணி வரை. பகலில் கடை பூட்டிக் கிடக்கும்.

கூகுள் வரைபடத்தில் இந்தக் கடையைச் சேர்க்கப் பணம் கட்ட வேண்டியது இல்லை. செல்போனில் business.google.com என்ற முகவரிக்குப் போய், கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். போர்டில் உள்ள பெயரையே எழுதுங்கள். "மலிவு விலை இட்லி" என்று வால் சேர்த்தால் பதிவு முடக்கப்படலாம்.

கடை உங்களுடையதுதானா என்று பார்க்க, பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருவில் தொடங்கி, போர்டைக் காட்டி, நீங்களே பூட்டைத் திறந்து உள்ளே போவது வரை நிறுத்தாமல் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

கோட்டை விடுவது நேரத்தில்தான். காலை 6 முதல் இரவு 10 வரை என்று ஒரேயடியாகப் போட்டுவிடுகிறார்கள். பகல் 2 மணிக்குப் பசியோடு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் வருவாரா? ஒரே நாளில் இரண்டு நேரங்களைத் தனித்தனியாகக் குறிக்க வசதி இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? சிறப்பு நேரம் என்ற பகுதியில் அந்தத் தேதிகளுக்கு மட்டும் "மூடல்" என்று குறியுங்கள். அவசரத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்பதை அழுத்திவிடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்து அடுப்பு மூட்டினாலும், நீங்கள் மாற்றும் வரை வரைபடம் கடை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.