பழைய எல்சிடி திரையில் தமிழ் எழுத்தைத் தெளிவாக்கும் வழி

பழைய 17 அங்குல எல்சிடி திரைகளில் பெரும்பாலானவற்றில் குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்ற கணக்கில் பிக்சல்கள் இருக்கும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 96 பிக்சல். 12 பாயின்ட் எழுத்து இத்திரையில் 16 பிக்சல் அளவில்தான் விழுகிறது. ஆங்கில எழுத்துக்கு இது போதும். 'ஞ', 'இ', 'ணூ' போன்றவற்றில் சுழிகளும் வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால், இந்தச் சிறிய இடத்தில் அவை ஒட்டிக்கொள்கின்றன.

இக்குறையைச் சரிக்கட்ட விண்டோஸ் கையாளும் முறைக்குக் கிளியர்டைப் என்று பெயர். எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று பட்டைகளால் ஆனது. கிளியர்டைப் இவற்றைத் தனித்தனியே ஒளிரவைத்து, குறுக்கே 1280 இடங்களை 3840 இடங்களாகப் பயன்படுத்துகிறது. நெடுக்கே இந்த ஆதாயம் இல்லை. அதனால் 'ப', 'ட' ஆகியவற்றின் செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தெளிகின்றன. வளைவுகளின் மேல், கீழ் விளிம்புகளில் மட்டும் படிக்கட்டு போன்ற வெட்டு தெரியலாம். பழைய நிரல்களில் இது கூடுதலாகத் தெரியும். டைரக்ட்ரைட் என்ற புதிய வரைவு முறையைப் பயன்படுத்தும் நிரல்கள் நெடுக்கேயும் விளிம்பை மென்மையாக்குகின்றன. ஒரே எழுத்துரு இரண்டு நிரல்களில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளியர்டைப்பைத் தொடுவதற்கு முன் திரையைச் சரிபார்க்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று 1280 × 1024 திரையை 1024 × 768-இல் வைத்திருப்பது பலரின் வழக்கம். அப்போது கணினி அனுப்பும் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் சரியாக உட்காராமல் அக்கம்பக்கத்தில் வழிகிறது. மூன்று பட்டைகளின் கணக்கும் குலைந்துவிடுகிறது. டிஸ்ப்ளே அமைப்பில் `Recommended` என்று குறிக்கப்பட்ட அளவையே தேர்ந்தெடுத்து, எழுத்தின் அளவைத் தனியாகக் கூட்டுவதே சரி.

அடுத்தது கேபிள். விஜிஏ கேபிளில் செல்வது அனலாக் சமிக்ஞை என்பதால், திரை அதை அளக்கும் நேரம் சற்றுப் பிசகினாலும் எழுத்தோரம் நிழல் விழும். திரை நிறைய எழுத்துகள் உள்ள பக்கத்தைத் திறந்துவைத்து, மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். மானிட்டரிலும் கணினியிலும் டிவிஐ இணைப்பு இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

மங்கலுக்குக் காரணம் விண்டோஸா, மானிட்டரா என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தமிழ் எழுத்துள்ள திரையைப் படம்பிடித்து, பெயின்ட் நிரலில் ஒட்டிப் பல மடங்கு பெரிதாக்க வேண்டும். எழுத்தோரத்தில் மெல்லிய வண்ணக் கட்டங்கள் தெரிந்தால் கிளியர்டைப் இயங்குகிறது. சாம்பல் மட்டும் தெரிந்தால் சாதாரண மென்மையாக்கல். கறுப்பு, வெள்ளை தவிர வேறு எதுவும் இல்லையென்றால் மென்மையாக்கலே நடக்கவில்லை. படத்தில் எந்தக் குறையும் இல்லாமல் திரையில் மட்டும் நிழல் விழுந்தால், கோளாறு கேபிளிலோ மானிட்டரிலோதான் இருக்கிறது.

இனி அமைப்பு. விண்டோஸ் 7 முதல் இதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சிட வேண்டும்:

```
cttune
```

`Turn on ClearType` என்ற கட்டத்தில் குறியிட்டு `Next` அழுத்தினால் மாதிரிகள் வரும். முதலில் வரும் இரண்டு மாதிரிகள் வண்ணப் பட்டைகளின் வரிசைக்கானவை. பெரும்பாலான திரைகளில் அது சிவப்பு, பச்சை, நீலம், சிலவற்றில் தலைகீழ். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தோரத்தில் வண்ணக் கசிவு பளிச்சென்று தெரியும். அடுத்த பக்கங்கள் எழுத்தின் கருமை, தடிமன், வண்ணத்தின் அளவு ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில விண்டோஸில் மாதிரிகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றில் அழகாகத் தெரியும் மிகக் கருத்த மாதிரி, தமிழில் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடத்தை அடைத்துவிடலாம். ஆகவே நடுத்தரக் கருமையில் தொடங்கி, `Finish` அழுத்தி, நிரல்களை மூடித் திறந்து, நிர்மலா யுஐ எழுத்துருவில் 'ஞாயிறு', 'கண்ணூறு', 'இணைப்பு' போன்ற சொற்களைப் பார்க்க வேண்டும். சுழி அடைத்தால் ஒரு படி வெளிர்ந்த மாதிரியையும், கோடு தேய்ந்து தெரிந்தால் ஒரு படி கருத்ததையும் எடுக்கலாம்.

திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை உதவாது. பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகிவிடுவதால், கிளியர்டைப்பை அணைத்துச் சாதாரண மென்மையாக்கலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நேராக உள்ள திரையிலும் 16 பிக்சலில் சுழிகள் பிரியவில்லையென்றால், எழுத்தை 15 பாயின்ட்டாக்கலாம். அப்போது 20 பிக்சல் கிடைக்கும்; வேறு எந்த அமைப்பையும்விட இது கூடுதல் பலன் தரும்.