‘நன்று’ என்று மட்டும் எழுதினால் போதாது

வார்டில் பயிற்சி பெறும் நர்சிங் மாணவியின் மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியம்: எதை நன்றாகச் செய்கிறார், அடுத்து எதை எட்ட வேண்டும்.

ஒரு மாணவியின் பதிவேட்டில் எல்லா நோயாளிகளுக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 என்றுதான் விடை வரும்; இடைப்பட்ட மாற்றம் தெரியாமல் போகும்.

இங்கே ‘கவனம் தேவை’ என்ற குறிப்பு அவருக்கு உதவாது. முதல் கட்டத்தில், கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும்: ‘பெயரைக் கேட்டு, கைப்பட்டையோடு சரிபார்த்த பிறகே தொடங்குகிறார்.’ எதை விடாமல் தொடர வேண்டும் என்று மாணவிக்கு அப்போது தெரியும்.

இரண்டாம் கட்டத்தில் அளந்து பார்க்கக்கூடிய இலக்கு வேண்டும்: ‘வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து நோயாளிகளுக்கு முழு 60 விநாடி எண்ணுவார், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே எண்ணுவார். இருவருக்கு நானும் உடன் எண்ணி ஒப்பிடுவேன்.’ தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். மணிக்கட்டைப் பிடிப்பது அதனால்தான்.

இந்தப் படிவத்தைப் பயிற்சியின் நடுவிலேயே கொடுக்க வேண்டும். கடைசி நாளில் கொடுத்தால், திருத்திக்கொள்ள அந்த வார்டில் அவருக்கு நாளே இருக்காது.