கடைசித் திரையில் நான்கு இடங்கள்

ஜிஆர்இ தேர்வை எழுதி முடித்த களைப்பில் எழுந்து போகப் பார்ப்பவர்களிடம் கணினி இன்னும் சில கேள்விகள் கேட்கும். இந்தத் தேர்வைக் கணக்கில் சேர்ப்பதா, ரத்து செய்வதா என்பது முதல் கேள்வி. சேர்க்கச் சொன்னால் மொழித்திறன், கணிதம் ஆகிய இரண்டு பகுதிகளின் மதிப்பெண்கள் திரையில் வரும். ரத்து செய்துவிட்டால் எதுவும் தெரியாது. மதிப்பெண்ணைக் காட்டிய பிறகுதான் அடுத்த கேள்வி வரும்: இதை எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப வேண்டும்? நான்கு இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, தேர்வுக்குக் கட்டிய பணத்திலேயே அதுவும் அடங்கிவிடுகிறது.

இந்த நான்கையும் இங்கே, இப்போதே பயன்படுத்தியாக வேண்டும். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றால் சலுகை போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு அறிக்கைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பல ஆண்டுகள் 27 டாலராக இருந்த கட்டணம் 2024 வாக்கில் 35 டாலராகிவிட்டது. ஏறிக்கொண்டே போகிற தொகை என்பதால் கட்டும் அன்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அறிக்கை எதற்கு, மதிப்பெண் பட்டியலின் பிடிஎஃப்பை நாமே அனுப்பினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. நம் கணக்கில் இறங்கும் அந்தப் பிரதி நமக்கு மட்டுமே. தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு, இடையில் யார் கையும் படாமல், நேராகப் போவதற்குத்தான் அதிகாரபூர்வ அறிக்கை என்று பெயர். இப்போது பெரும்பாலும் அது கணினி வழியாகவே போய்ச் சேருகிறது. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

நான்கு இடங்களை நிரப்புவதற்கு முன்னால் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தத் திரையில் தெரிவது இரண்டு பகுதிகளின் மதிப்பெண் மட்டுமே, அதுவும் உறுதி செய்யப்படாதது. கட்டுரைப் பகுதியின் மதிப்பெண் அன்றைக்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு, முழு மதிப்பெண் எட்டு முதல் பத்து நாளில் கணக்கில் வந்துவிடுகிறது. ஆக, இலவசமாக அனுப்ப விரும்புகிறவர் கட்டுரை எப்படி அமைந்தது என்று தெரியாமலே அனுப்புகிறார். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறவர் பணம் கட்டுகிறார். பொறியியல் துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அங்கே கணித மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகள் என்றால் பொறுத்திருந்து பார்ப்பதில் நியாயம் உண்டு.

இரண்டாவது முறை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு. தேர்வு நாளில் "Most Recent", "All" என்று இரண்டு வழிகள்தான் கொடுப்பார்கள். முதலாவதைத் தொட்டால் அன்றைய மதிப்பெண் மட்டும் போகும், இரண்டாவதைத் தொட்டால் ஐந்து ஆண்டுகளில் எழுதியவை எல்லாம் போகும். மூன்றாவதாக "Any" என்று ஒரு வழி இருக்கிறது, எந்தத் தேதி மதிப்பெண் வேண்டுமோ அதை மட்டும் அனுப்பலாம். ஆனால் அது தேர்வு நாளுக்குப் பிறகு, காசு கட்டினால்தான் கிடைக்கும். ஆகஸ்டில் 322 எடுத்தவர் அக்டோபரில் மறுபடி எழுதி 317 எடுத்தால், பழைய 322-ஐ மட்டும் இலவசமாக அனுப்ப வழியில்லை. அப்படி நேர்ந்தால் அன்றைக்கு யாருக்கும் அனுப்பாமல் வெளியே வந்துவிடுவதே சரி. மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்துவிட்டு அனுப்பாமல் விடலாம், அதில் தடையில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் கடைசி ஆண்டு பொறியியல் படிக்கும் கவிதா அமெரிக்காவில் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். படிப்புக்காக விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 18-ல் தேர்வு. எட்டுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும், நான்கு இலவசம் போக மீதி நான்குக்கு 140 டாலர் என்று அவள் நினைக்கிறாள். நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

ஆனால் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் திறந்து படித்தால் கணக்கு மாறும். எட்டில் ஒன்று ஜிஆர்இயை வாங்குவதே இல்லை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு இப்படிப் பல துறைகள் மாறிவிட்டன. பெர்க்லியின் மின்னியல், கணினி அறிவியல் துறை அதற்கு உதாரணம். அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். இன்னும் இரண்டு இடங்களில், விண்ணப்பத்தில் நாமே மதிப்பெண்ணை எழுதினால் போதும், சேர்க்கை கிடைத்த பிறகு அதிகாரபூர்வ அறிக்கை வந்தால் சரி என்று போட்டிருக்கிறது. மீதி ஐந்து பேர்தான் பரிசீலனைக்கு முன்பே அறிக்கை கேட்கிறார்கள். அவர்களின் கெடு டிசம்பர் 10, டிசம்பர் 15-ல் இரண்டு, ஜனவரி 5, ஜனவரி 15. தேர்வு நாளில் முதல் நான்கு கெடுக்காரர்களுக்கு இலவச அறிக்கை. ஜனவரி 15-க்கு மட்டும் பின்னால் பணம் கட்டிக்கொள்ளலாம். 140 டாலர் 35-ஆகச் சுருங்கிவிட்டது.

இலவச இடங்களைப் பிடித்த பல்கலைக்கழகங்களுக்கு, நம் கணக்கில் மதிப்பெண் இறங்குகிற அதே சமயத்தில், நவம்பர் 28 வாக்கில், அறிக்கை போய்விடும். போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்ததென்று இல்லை. அங்கே இருக்கிறவர்கள் அதை நம் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும், அந்தப் பருவத்தில் அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நவம்பரின் நான்காவது வியாழன் நன்றி நவிலல் நாள் வேறு, அந்த வாரக் கடைசியில் அலுவலகங்கள் பூட்டியே இருக்கும். டிசம்பர் 10 கெடு கொஞ்சம் நெருக்கடிதான், 15 சமாளிக்கலாம். கவிதா நவம்பர் முதல் வாரத்தில் எழுதியிருந்தால் மூச்சு விட இடம் இருந்திருக்கும். அவள் தேர்வு நாளில் யாரையும் தேர்ந்தெடுக்காமல் வந்து, 28-ஆம் தேதி முழு மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு பணம் கட்டியிருந்தால், அனுப்புவதற்கே இன்னும் ஐந்து வேலை நாட்கள் ஆகும். இணைப்பு வேலையையும் சேர்த்தால் டிசம்பர் 15 தாண்டிவிடும்.

திரையில் பெயரைத் தேடும்போது அவசரம் கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெயர்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்து ஏமாற்றும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் சியாட்டிலில் இருக்கிறது, ஏறக்குறைய அதே பெயரில் இன்னொன்று செயின்ட் லூயிஸில். மயாமி பல்கலைக்கழகம் புளோரிடாவில், அதே மயாமியைப் பெயரில் தாங்கிய மற்றொன்று ஒஹையோவில். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வேறு, பென் ஸ்டேட் வேறு. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: ஸ்டான்ஃபோர்டுக்கு 4704, பர்டூவுக்கு 1631. ஒரே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்குத் தனி எண் இருக்கக்கூடும். விண்ணப்பிக்கும் துறையின் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணை ஊர்ப் பெயரோடு மனப்பாடம் செய்துகொண்டு போவதுதான் வழி, தாளை உள்ளே விட மாட்டார்கள். துறைக்கென்று ஓர் எண்ணும் சில இடங்களில் கேட்பார்கள், ஸ்டான்ஃபோர்டு போல அது தேவையே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது, மாற்றவும் முடியாது.

வணிகப் படிப்புக்காக ஜிமேட் எழுதுகிறவர்களுக்கு விதி வேறு, இன்னும் கொஞ்சம் இரக்கமானதும்கூட. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில், அதிகாரபூர்வ மதிப்பெண் கணக்கில் வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஐந்து இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். அதாவது முழு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, நிதானமாக வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கலாம். இரண்டு தேர்வும் எழுதுகிறவர்கள் ஒன்றின் விதியை மற்றொன்றில் வைத்துக் குழம்புவதுண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் சிக்கலில் பெரிய பங்கு பெயரால் வருவது. பல்கலைக்கழகத்தின் கணினி முன்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அறிக்கையை விண்ணப்பத்தோடு சேர்க்கிறது. நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது, அப்பாவின் பெயரோ இனிஷியலோதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் முருகேசன், முன்பெயர் கட்டத்தில் கவிதா என்று இருக்கும். ஜிஆர்இக்கு அப்படியே பதிவு செய்துவிட்டு, விண்ணப்பத்தில் பழக்க தோஷத்தில் கவிதா எம். என்று எழுதினால், கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு படிவத்தில் புள்ளி வைப்பார்கள், அடுத்ததில் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, ஒரே மின்னஞ்சலோடு எழுதுவதைத் தவிர இதற்கு மாற்றில்லை. கன்சல்டன்சிகள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பம் போட்டுத் தரும்போதும் இதே தொல்லை வரும்.

இணைந்ததா இல்லையா என்பது விண்ணப்ப இணையதளத்தில் நமக்குத் தெரியும். ஜிஆர்இ என்ற வரிக்கு எதிரே "Awaiting" என்றோ "Received" என்றோ காட்டும். நம் இ.டி.எஸ். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆன பிறகும் இங்கே "Awaiting" என்றே நின்றால், பெரும்பாலும் அறிக்கை அங்கே வந்து, யாருடையது என்று தெரியாமல் கிடக்கிறது. உடனே இன்னொரு அறிக்கைக்குப் பணம் கட்டத் தேவையில்லை, அதுவும் போய் அதே இடத்தில்தான் கிடக்கும். சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, விண்ணப்ப எண், ஜிஆர்இ பதிவு எண், தேர்வுத் தேதி, பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் ஆகியவற்றைக் கொடுத்து, நம் பிரதியின் பிடிஎஃப்பையும் இணைத்தால் ஆள் ஒருவர் தேடி எடுத்துச் சேர்த்துவிடுவார். கெடுவுக்குள் தேர்வு எழுதி, விண்ணப்பத்தையும் போட்டிருந்தால், அறிக்கை சில நாள் தாமதமாக வருவதைப் பல துறைகள் பொறுத்துக்கொள்கின்றன. பொறுக்காத துறைகளும் உண்டு. எது எந்த ரகம் என்பதை அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடலாம்.