திங்கள் போய் புதன் வந்தால்

"நரம்பியல் மருத்துவர் இதுவரை திங்கட்கிழமைகளில் பார்த்துவந்த வெளிநோயாளிகளை, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, அடுத்த வாரம் முதல் புதன்கிழமைகளில் பார்ப்பார்."

ஓ.பி. வாசலில் ஒட்டப்படும் அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது 'திங்கட்கிழமை'. அவர் வழக்கம்போல் திங்களன்றே வந்து நிற்பார். 'அடுத்த வாரம்' எது என்பதும் கடிதம் கைக்குக் கிடைக்கும் நாளைப் பொறுத்து மாறிவிடும்.

இரண்டு நாள்தானே, பொறுத்து வரட்டுமே என்று அலுவலகத்துக்குத் தோன்றலாம். மாத்திரையை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வலிப்புக்கு மருந்து சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்று, இரவு ஒன்று. 2025 ஜூன் 2, திங்களன்று 28 நாளுக்கான 56 மாத்திரைகளை வாங்கிப்போய், அன்று காலையிலிருந்தே சாப்பிடுகிறார். ஜூன் 29 இரவோடு அட்டை காலி. மறுநாள் காலை, அடுத்த மாத மருந்துக்கு வருபவரிடம், "டாக்டர் இனி புதன்கிழமைதான்" என்கிறார்கள். புதன் என்றால் ஜூலை 2. திங்கள் இரண்டு வேளை, செவ்வாய் இரண்டு வேளை, புதன் காலை ஒன்று என ஐந்து வேளை மருந்து தவறுகிறது. வலிப்பு மாத்திரை திடீரென நின்றால், மாதக்கணக்கில் வராமலிருந்த வலிப்பு திரும்பலாம். சிலருக்கு நிற்காமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே வேளையில் விழுங்குவதும் தவறு.

ஆகவே கடிதத்தில் மருத்துவர் வரும் நாளைவிட, இடைவெளியில் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். இப்படி எழுதலாம்:

"ஜூன் 30 முதல் நரம்பியல் மருத்துவர் புதன்கிழமை மட்டும் பார்ப்பார். உங்கள் சீட்டில் ஜூன் 30 என்று இருந்தால், ஜூலை 2, புதன் காலை வாருங்கள். அதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும் என்றால், தீர்வதற்கு முன்பே எந்த நாளிலும் சீட்டுடன் வந்து, பணி மருத்துவரிடம் இடைப்பட்ட நாட்களுக்கான மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

பழைய கிழமையின் பெயரே இதில் இல்லை. காரணமும் இல்லை, நிர்வாகக் காரணம் நோயாளிக்கு எதற்கு?

எழுதியது போய்ச் சேர வேண்டுமே! பதிவேட்டில் உள்ள கைபேசி எண் பல நேரம் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். குறுஞ்செய்தி அவரோடு நின்றுவிடும். நாள் மாறுவது ஒரு மாதம் முன்பே முடிவாகியிருந்தால், மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே ஒவ்வொருவர் சீட்டிலும் புதுத் தேதியைப் பேனாவால் எழுதி, கூடவே மூன்று நாள் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். அப்படியும் சிலர் திங்களன்று வருவார்கள். எல்லோருக்கும் 28 நாள் மருந்து என்பதால், முதல் நான்கு திங்கட்கிழமைகளுக்கு அந்த ஜன்னலில் ஓர் ஆளை உட்கார வைத்தால் போதும்.