அடுத்த வாரம் எத்தனை மூட்டை புண்ணாக்கு?

ஓட்டப்பிடாரத்தில் நீங்கள் மாட்டுத்தீவனக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். புண்ணாக்கைக் குறைவாக எடுத்தால் வந்த ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். கூடுதலாக எடுத்தால் பணம் முடங்கும், ஈரக்காற்றில் பூசணமும் பிடிக்கும். அடுத்த வார விற்பனையை நோட்டுப் புத்தகத்திலேயே கணிக்க ஒரு வழி உண்டு (எளிய அடுக்குக்குறிச் சீராக்கம்). 1950களில் அமெரிக்கர் ராபர்ட் பிரவுன் சரக்கிருப்புக் கணக்குக்காக இதை வளர்த்தெடுத்தார்.

கணக்கு என்ன? போன கணிப்பு எவ்வளவு தவறியதோ, அதில் ஒரு பங்கை மட்டும் கணிப்பில் சேர்க்க வேண்டும்.

புதிய கணிப்பு = பழைய கணிப்பு + பங்கு × (நடந்த விற்பனை − பழைய கணிப்பு)

அந்தப் பங்குதான் ஆல்ஃபா (சீராக்க மாறிலி). அது 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்.

போட்டுப் பார்க்கலாமா? எண்கள் உதாரணத்துக்குத்தான். நான்கு வார விற்பனை 40, 45, 36, 60 மூட்டை. முதல் கணிப்பு எங்கிருந்து வரும்? முதல் வார விற்பனை 40-ஐயே இரண்டாம் வாரத்துக்கான கணிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஃபா 0.2 என்றால்: இரண்டாம் வாரம் 45 விற்றது, 5 கூடுதல். அதில் 0.2 பங்கு 1. மூன்றாம் வாரக் கணிப்பு 41. விற்றது 36, 5 குறைவு. 1 கழித்தால் நான்காம் வாரத்துக்கு 40. விற்றது 60, 20 கூடுதல். 4 சேர்த்தால் ஐந்தாம் வாரத்துக்கு 44.

ஆல்ஃபா 0.8 என்றால்? அதே வரிசையில் கணிப்புகள் 44, 37.6, கடைசியில் 55.5.

எதை நம்பி சரக்கு எடுப்பது? அந்த 60 ஒரு வாரத்துக் கூட்டம் மட்டும்தான், விற்பனை மறுபடி 40-க்கே வந்துவிடும் என்றால், 0.8 உங்களிடம் 15 மூட்டைக்கு மேல் தேங்க வைக்கும், 0.2 நான்கோடு நிறுத்தும். விற்பனை 60-லேயே நிலைத்துவிட்டால் கதை மாறும்: 0.2 உங்களை 16 மூட்டை குறைவாக எடுக்க வைக்கும்.

உங்கள் கடைக்கு எது பொருந்தும்? 20, 30 வாரப் பழைய விற்பனைக்கு இரண்டையும் போட்டு, கூடுதல் குறைவு பாராமல் தவறுகளைக் கூட்டுங்கள். நம் மூன்று வாரங்களில் 0.2-க்கு 30, 0.8-க்கு 35.4. குறைந்த கூட்டுத்தொகை வருவதே உங்களுக்கானது.

முதல் 40 தவறாக இருந்தால்? 0.2-இல் மூன்று வாரம் கழித்தும் அதன் சாயல் பாதிக்குப் பாதி இருக்கும். அதனால் தொடக்கக் கணிப்புகளை வைத்துப் பெரிய ஆர்டர் போடாதீர்கள்.

எப்போது கைவிடும்? கோடையில் சோளத்தட்டைப் படப்பு தீரத் தீரப் புண்ணாக்கு விற்பனை வாராவாரம் ஏறினால், இந்தக் கணக்கு பின்தங்கியே வரும். நான்கைந்து வாரம் தொடர்ந்து கணிப்பைவிடக் கூடுதலாகவே விற்றால் அதுதான் அடையாளம். மானாவாரி விதைப்புக்கு வாங்கும் உளுந்து விதைக்கும் இது ஆகாது. புரட்டாசி விற்பனையைக் கணிக்க ஆவணிக் கணக்கு உதவாது; போன புரட்டாசிக் கணக்கைப் புரட்டுங்கள்.